ஓலைப்பெட்டிப் படங்களும் தரையில் ஒட்டிய மூன்று டேப் கோடுகளும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஆரம்பித்து பதினொன்றரைக்குள் இருபத்திரண்டு ஓலைச் சாமான்களைப் படம் எடுத்து முடித்துவிட்டேன். ஒன்றைக்கூடத் திரும்ப எடுக்க வேண்டியிருக்கவில்லை. இதே வேலைக்கு முன்பு இரண்டு ஞாயிறு போகும், அப்படியும் பாதிப் படங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்டபிறகு ஓரம் வெட்டுப்பட்டுக் கிடக்கும். எங்கே தப்பு நடந்தது, எது சரி செய்தது என்று மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். ஓலைப்பெட்டி என்றில்லை, ஊறுகாய் பாட்டில், மண் நகை, மரப்பொம்மை எது விற்கிறவர்களுக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும்.

சித்தி உடன்குடிப் பக்கம் பனையோலையில் பெட்டி முடைகிறார். கைக்குள் அடங்குகிற கொட்டானிலிருந்து முப்பது சென்டிமீட்டர் அகலத்தில் மூடி போட்ட பெட்டி வரை உண்டு, விசிறி, சுளகு, பிள்ளைகளுக்குக் கிலுக்கு எல்லாம் செய்வார். படம் எடுப்பதும் இன்ஸ்டாகிராமில் போடுவதும் வாட்ஸ்அப் கேட்டலாக்கில் ஏற்றுவதும் என் பொறுப்பு. என்னிடம் இருப்பது சாதாரண ஐம்பது மெகாபிக்சல் கைபேசி, தனியாகக் கேமரா கிடையாது.

2024 முழுக்க எல்லாவற்றையும் சதுரமாகவே எடுத்தேன். பக்கத்தைத் திறந்தால் சதுரச் சதுரமாகத் தெரியும், அதனால் கேமராவையே `1:1`-ல் வைத்து, பெட்டி சட்டம் நிறைய வரும்படி கிட்டே போய் எடுப்பேன். 2025 ஜனவரியில் இன்ஸ்டாகிராம் பக்கத்தின் கட்டங்கள் சதுரத்திலிருந்து நெட்டுக்கு நிற்கிற 3:4 கட்டங்களாக மாறின. சதுரப் படத்தை நெட்டுக் கட்டத்தில் உட்கார வைத்தால் உயரம் முழுசாக வரும், அகலத்தில்தான் கைவைக்க வேண்டும். 1080 பிக்சல் அகலத்தில் 810 மட்டும் தெரியும், இடப்பக்கம் 135, வலப்பக்கம் 135 போய்விடும். அதாவது இரண்டு பக்கமும் எட்டில் ஒரு பங்கு. நான் ஓரத்தில் இடமே விடாமல் எடுத்திருந்ததால் பெட்டிகளின் காது இரண்டும் போயிருந்தன. படுக்கப்போட்டு எடுத்த விசிறிக்குப் பிடியே இல்லை, வட்டம் மட்டும் தெரிந்தது, பார்க்கிறவர் அதைத் தட்டு என்று நினைத்தால் தப்புச் சொல்ல முடியாது. கட்டத்துக்குள் படத்தை நகர்த்தி வைக்கிற வசதியையும் பயன்படுத்திப் பார்த்தேன். நகர்த்தினால் ஒரு காது வரும், இன்னொரு காது போகும். பொருளே அகலம் முழுக்க நிறைந்திருக்கும்போது நகர்த்திப் பயன் இல்லை.

சரி, நெட்டுக்கு எடுத்துவிடலாம் என்று 4:5-க்கு வந்தேன். ஃபீடில் அது நன்றாகவே இருந்தது, 1080-க்கு 1350, திரையில் கணிசமான இடம் பிடிக்கும். ஆனால் 3:4 கட்டம் இதைவிடவும் கொஞ்சம் ஒல்லி. அதனால் இடப்பக்கம் 34, வலப்பக்கம் 34 பிக்சல் கட்டத்தில் போகும். பெரிய இழப்பு இல்லை, ஆனாலும் பெட்டியின் விளிம்பு சரியாகக் கோட்டின் மேல் வந்து உரசிக்கொண்டு நிற்கும். வெட்டுப்பட்டதா முழுசா என்று தெரியாத அந்த உரசல், முழுசாக வெட்டுப்பட்டதைவிடக் கண்ணை உறுத்துகிறது. அப்புறம் அதே படத்தைக் கேட்டலாக்கில் ஏற்றினால் அங்கே சதுரமாகத் தெரியும், இப்போது மேலும் கீழும் போகும். கூடையின் வளைந்த கைப்பிடி மேலே அறுந்துபோய்விடும்.

இங்கேதான் ஒரு தாளை எடுத்துக் கட்டம் போட்டுப் பார்த்தேன், முதலிலேயே செய்திருக்க வேண்டியது. ஒரு படம் மூன்று சன்னல் வழியாகத் தெரியப்போகிறது: ஃபீட், பக்கத்தின் கட்டம், கேட்டலாக்கின் சதுரம். 3:4-ல் எடுத்தால், அதாவது 1080-க்கு 1440, கட்டத்தில் ஒன்றுமே போகாது. 4:5 வேண்டுமென்றால் மேலே 45, கீழே 45 பிக்சல் வெட்டினால் போதும். சதுரம் வேண்டுமென்றால் மேலே 180, கீழே 180. மூன்றிலும் அகலம் முழுசாக 1080 அப்படியே நிற்கிறது, வெட்டு எல்லாம் மேலும் கீழும் மட்டும்தான். அகலமான சட்டத்தில் எடுத்து ஒல்லியான கட்டத்தில் போட்டதுதான் என் பிரச்சினை முழுவதும். இருப்பதிலேயே ஒல்லியான சட்டத்தில் எடுத்துவிட்டால் பக்கவாட்டைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம்.

கைபேசிக் கேமராவைத் திறந்தவுடன் வருகிற சாதாரண அளவே 3:4-தான் என்பது இதில் இன்னொரு வசதி. என் கைபேசியில் படம் 3060-க்கு 4080 வருகிறது. எதையும் மாற்ற வேண்டியதில்லை, நான்தான் ஒரு வருடமாக மாற்றி வைத்திருந்தேன். 2025 மே மாதத்திலிருந்து இன்ஸ்டாகிராம் 3:4 படத்தை வெட்டாமல் ஃபீடிலும் காட்டுகிறது, ஆகவே எடுத்த சட்டமே போடும் சட்டம்.

சன்னல் மூன்றுக்கும் பொதுவான இடம் நடுவில் இருக்கிற சதுரம். பொருள் அதற்குள்ளேயே அடங்கி, சுற்றிலும் கொஞ்சம் காற்று இருக்க வேண்டும். எவ்வளவு காற்று என்று பழைய படங்களை வைத்து வெட்டி வெட்டிப் பார்த்ததில், பக்கத்துக்குப் பத்தில் ஒரு பங்கு இருந்தால் கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது. ஆக, பொருள் சட்டத்தின் அகலத்தில் 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, உயரத்தில் 60 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. கணக்குப் போட்டால் இரண்டும் 864 பிக்சல்தான் வரும், நடுவில் ஒரு 864 சதுரம். எல்லாமே அதற்குள்.

இதைக் கேமராவில் பார்த்து எடுப்பதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. முதலில் `1:1`-ல் வைத்துப் பொருளை நடுவில் நிறுத்துங்கள், நான்கு பக்கமும் இடம் இருக்கிறதா பாருங்கள். அப்புறம் கைபேசியைத் தொடாமல், ஸ்டாண்டிலேயே இருக்கும்போது `3:4`-க்கு மாற்றுங்கள். மேலும் கீழும் சட்டம் நீளும், பொருள் அதே இடத்தில் அதே அளவில் நிற்கும், ஏனென்றால் `1:1` என்பது அதே படத்தின் நடுத்துண்டுதான். இதை உங்கள் கைபேசியில் ஒரு தடவை சோதித்துவிட்டு நம்புங்கள், மாற்றும்போது பொருள் பெரிதானாலோ நகர்ந்தாலோ அந்தக் கேமராவுக்கு இந்த வழி ஆகாது.

சட்டம் முடிவாகிவிட்டது என்று நினைத்து, பெரிய பெட்டியை வைத்து எடுத்து சித்திக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. "ஏட்டி, பொட்டி என்ன இப்படி வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கி? நான் இப்படியா மொடஞ்சேன்?" என்றார். படத்தை மறுபடியும் பார்த்தேன். அவர் சொன்னது சரி. முன்விளிம்பு அகலமாக விரிந்து, பின்பக்கம் குறுகி, சதுரப்பெட்டி சொளகு மாதிரி நின்றது. நேரில் அந்தப் பெட்டியின் நான்கு பக்கமும் நூல் பிடித்தாற்போல இருக்கும், அதற்காகவே அவர் நாலு நாள் செலவழித்திருந்தார். வாங்குகிறவருக்கும் இந்தக் கோணல்தான் தெரியும், கை வேலை சரியில்லை என்றே நினைப்பார்.

காரணம் நான் நின்ற தூரம். கைபேசியின் முக்கிய கேமரா அகலமாகப் பார்க்கிற கேமரா, `1x`-ல் முப்பது சென்டிமீட்டர் பெட்டி சட்டத்தில் 80 சதவீதம் வர வேண்டுமானால் சுமார் 35 சென்டிமீட்டர் கிட்டே போக வேண்டும். பெட்டியின் ஆழம் இருபது சென்டிமீட்டர் என்றால் முன்விளிம்பு 35-ல், பின்விளிம்பு 55-ல். முன்பக்கம் பின்பக்கத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். `2x`-ல் வைத்து 70 சென்டிமீட்டர் தள்ளி நின்றால் பெட்டி சட்டத்தில் அதே அளவு வரும், ஆனால் முன்பக்கம் 70-ல், பின்பக்கம் 90-ல், வித்தியாசம் ஒன்றேகால் மடங்கு சொச்சம்தான். கண்ணால் பார்க்கிற மாதிரியே வந்துவிடும். தள்ளி நில், பெரிதாக்கு, அவ்வளவுதான்.

`2x` வைத்தால் தரம் குறையுமே என்று எனக்கும் தயக்கம் இருந்தது. கணக்கு வேறு சொல்கிறது. தனி ஜூம் லென்ஸ் இல்லாத கைபேசியில் `2x` என்பது படத்தின் நடுப்பாதியை வெட்டி எடுப்பது. 3060-க்கு 4080-ல் நடுப்பாதி 1530-க்கு 2040. நமக்குக் கடைசியில் வேண்டியது 1080-க்கு 1440. தாராளமாக மிச்சம் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் எடுத்த படத்தை விரித்து ஓலையின் பின்னலைப் பாருங்கள், ஒவ்வொரு இழையின் ஓரமும் தனியாகத் தெரிந்தால் போதும். `3x`, `4x` போனால் என் கைபேசியில் இழைகள் ஒன்றோடொன்று குழைந்துவிட்டன, ஆகவே இரண்டோடு நிறுத்திக்கொண்டேன். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: சின்னப் பொருளுக்கு ரொம்பக் கிட்டே போனால் சில கைபேசிகள் சொல்லாமல் கொள்ளாமல் இன்னும் அகலமான கேமராவுக்குத் தாவிவிடும். திரையில் படம் லேசாகத் துள்ளி ஓரங்கள் வளைந்தால் அதுதான் நடந்திருக்கிறது. கொஞ்சம் பின்னால் இழுத்தால் பழையபடி வந்துவிடும்.

அடுத்த தவறு இன்னும் பெரியது, அது தெரிய ஒரு மாதம் ஆனது. 80 சதவீதம் என்று முடிவெடுத்ததும் எல்லாப் பொருளையும் 80 சதவீதத்துக்கு நிறைத்து எடுத்தேன். கட்டங்கள் ஒரே சீராக, பார்க்க அழகாக இருந்தன. ஒரு அம்மா கொட்டான் ஒன்று வாங்கினார், எட்டு சென்டிமீட்டர் அகலம், அளவு விவரத்தில் எழுதித்தான் இருந்தது. பார்சல் போய்ச் சேர்ந்த அன்றைக்கு, "பழம் வைக்கலாம்னு வாங்கினேன், இதுல நாலு வெத்தலைதான் வைக்க முடியும்" என்று எழுதியிருந்தார். பக்கத்தைப் போய்ப் பார்த்தேன். அவருடைய கொட்டானுக்குப் பக்கத்துக் கட்டத்திலேயே முப்பது சென்டிமீட்டர் பெட்டி, இரண்டும் ஒரே அளவு. எழுதிய எண்ணை யாரும் படிப்பதில்லை, கண் சொல்வதைத்தான் நம்புகிறார்கள். அவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

நிஜ விகிதத்திலேயே காட்டிவிடலாமா என்று யோசித்தேன். பெரிய பெட்டி 80 சதவீதம் என்றால் எட்டு சென்டிமீட்டர் கொட்டான் 21 சதவீதம்தான் வரும். கட்டம் ஒன்றின் அகலம் என் திரையில் இரண்டேகால் சென்டிமீட்டர் இருக்கும், அதில் ஐந்தில் ஒரு பங்கு என்றால் பாசிப்பயறு அளவு. பின்னல் தெரியாது, மூடி இருப்பது தெரியாது. அது ஒத்துவராது.

கடைசியில் நடுவில் ஒரு வழி கிடைத்தது, இதுதான் எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி. பொருட்களை மூன்று வகையாகப் பிரித்தேன். ஆறிலிருந்து பத்து சென்டிமீட்டர் வரை சின்னது, பன்னிரண்டிலிருந்து இருபது வரை நடுத்தரம், இருபத்திரண்டிலிருந்து முப்பது வரை பெரியது. ஒவ்வொரு வகைக்கும் ஸ்டாண்டுக்கு ஒரே ஒரு இடம், பொருளிலிருந்து 35, 55, 70 சென்டிமீட்டர். மூன்றும் `2x`. தரையில் மாஸ்கிங் டேப்பை ஒட்டி ஸ்டாண்டின் முன்கால் எங்கே நிற்க வேண்டும் என்று கோடு போட்டுவிட்டேன். ஒரு வகையை எடுத்து முடிக்கும்வரை ஸ்டாண்டை அசைப்பதே இல்லை, பொருளை மட்டும் மாற்றி மாற்றி வைக்கிறேன்.

35-ல் சட்டத்தின் அகலம் நிஜத்தில் 19 சென்டிமீட்டர் வருகிறது. பத்து சென்டிமீட்டர் கொட்டான் பாதிக்குச் சற்று மேல், ஆறு சென்டிமீட்டர் கிலுக்கு மூன்றில் ஒரு பங்கு. 55-ல் இருபது சென்டிமீட்டர் பெட்டி மூன்றில் இரண்டு பங்கு பிடிக்கும். 70-ல் முப்பது சென்டிமீட்டர் பெட்டி அந்த 80 சதவீத எல்லையைத் தொட்டு நிற்கும். சின்னது சின்னதாகவும் பெரியது பெரியதாகவும் தெரிகிறது, ஆனால் எதுவும் காணாமல் போகவில்லை. ஒரே வகைக்குள் விகிதம் நிஜமானது, ஏனென்றால் தூரம் ஒன்றே. கூடவே ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது படமாக அதே இடத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தைப் பக்கத்தில் வைத்து எடுத்துவிடுகிறேன். அளவு பற்றிய கேள்வி அதற்கப்புறம் ஒன்றிரண்டுதான் வந்திருக்கிறது.

பின்னணிக்கு வருகிறேன். முதலில் சார்ட் அட்டை, சுவரில் சாய்த்துக் கீழே வளைத்துவிட்டால் மூலை தெரியாது. சின்னதற்கும் நடுத்தரத்துக்கும் அது போதும். பெரிய பெட்டியில்தான் மாட்டிக்கொண்டேன். 70 சென்டிமீட்டர் தள்ளி நின்று பார்க்கும்போது பெட்டியின் முன்பக்கம் சட்டத்தின் அகலம் 38 சென்டிமீட்டர்தான், ஆனால் அதற்கு முப்பது சென்டிமீட்டர் பின்னால் இருக்கிற அட்டை வரை போனால் 54 சென்டிமீட்டர் தெரியும். சார்ட்டின் அகலம் 56. ஸ்டாண்ட் ஒரு விரல் நகர்ந்தால் அட்டையின் ஓரமும் சுவரும் படத்துக்குள் வந்துவிடும், வந்தும் இருந்தது, ஆறு படங்களில். அட்டை வாங்கும்போது பொருளை அளந்தேன், பின்னால் எவ்வளவு விரியும் என்று அளக்கவில்லை.

அதற்கு மாற்றாக எட்டு முழ வேட்டியைக் கட்டிப் பார்த்தேன். கஞ்சி போட்டு இஸ்திரி செய்தும் மடிப்புக் கோடு ஒவ்வொன்றும் படத்தில் நின்றது, பக்கவாட்டு வெளிச்சம் மடிப்பைத் தேடிப்பிடித்துக் காட்டும். துணியைக் கைவிட்டேன். பிறகு அச்சகத்துக்குப் பேப்பர் விற்கிற கடையில் ஐவரி போர்டு முழுத்தாள் கேட்டு வாங்கினேன், 25-க்கு 36 அங்குலம், அதாவது 63-க்கு 91 சென்டிமீட்டர். நீளவாக்கில் தொங்கவிட்டால் அகலத்திலும் மிச்சம், வளைப்பதற்கும் நீளம் தாராளம். சுருட்டித்தான் வைக்க வேண்டும், மடித்தால் போச்சு.

வெளிச்சம் பற்றி இரண்டே விஷயம் சொல்கிறேன், கட்டத்தைச் சுத்தமாகக் காட்டுவதில் அதற்குப் பெரிய பங்கு இருக்கிறது. தானியங்கியில் விட்டால் வெளுத்த ஓலைப்பெட்டிக்குக் கேமரா வெளிச்சத்தைக் குறைக்கும், அட்டை சாம்பலாகும். ஊதாச் சாயம் போட்ட பெட்டிக்கு வெளிச்சத்தைக் கூட்டும், அட்டை சுண்ணாம்பாக வெளுக்கும். ஒவ்வொரு கட்டமும் ஒவ்வொரு வெள்ளையில் நின்றால் எவ்வளவு அளந்து எடுத்தும் பயன் இல்லை, பக்கம் கந்தலாகத் தெரியும். அதனால் `Pro`-வில் ISO 100, வெள்ளைச் சமநிலை 5200 என்று பூட்டிவிட்டு, வெறும் அட்டையை எடுத்துப் பார்த்து ஷட்டரை முடிவு செய்கிறேன், எங்கள் வடக்குச் சன்னலில் 1/60 சரியாக இருந்தது. `Pro` இல்லாத கைபேசியில் அட்டையின் மேல் அழுத்திப் பிடித்தால் வெளிச்சமும் குவியமும் பூட்டிக்கொள்ளும், அப்புறம் சூரியக் குறியை லேசாக மேலே தள்ளி அட்டை வெளுக்கும்வரை கொண்டுவரலாம். ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள். சன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாக்கோல் பலகை. இவ்வளவுதான்.

நடுவில் வைப்பது என்பதிலும் ஒரு சுற்று சுற்றி வந்தேன். எல்லாப் பெட்டியின் அடியும் ஒரே கோட்டில் நின்றால் அலமாரியில் அடுக்கின மாதிரி இருக்குமே என்று ஒரு வாரம் அப்படி எடுத்தேன். பெரிய பெட்டிகளுக்கு நன்றாக வந்தது, கொட்டான்கள் சட்டத்தின் அடியில் போய் ஒண்டிக்கொண்டன. வரிசைக்கு வரிசை அடிக்கோட்டை மாற்றலாம் என்றால் அதுவும் நிற்காது. புதுப் படம் ஒன்று போட்டால் எல்லாக் கட்டமும் ஓர் இடம் நகரும், வரிசைக் கடைசியில் இருந்தது அடுத்த வரிசைக்கு இறங்கும். இன்றைக்கு அழகாக அமைத்த வரிசை நாளைக்குக் கலைந்துவிடும். ஆகவே எந்தப் படம் எதன் பக்கத்தில் வந்தாலும் பொருந்த வேண்டும், அதற்கு நடுவே நிறுத்துவதுதான் ஒரே வழி. கைப்பிடி உள்ள கூடைக்கு மட்டும் ஒரு விலக்கு. கைப்பிடியையும் சேர்த்து அளந்து நடுவில் வைத்தால் கூடையின் உடம்பு கீழே இறங்கித் தெரியும். உடம்பைக் கண்ணுக்கு நடுவே வைத்து, கைப்பிடியின் உச்சி சதுரத்துக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.

எடுத்த பிறகு படத்தைச் சுருக்கும் வேலையை நானே செய்துவிடுகிறேன். தம்பி லேப்டாப்பில் ImageMagick போட்டு இரண்டு வரி எழுதிக் கொடுத்தான். படங்கள் இருக்கிற ஃபோல்டருக்குள் `feed`, `sq` என்று இரண்டு காலி ஃபோல்டர் இருக்க வேண்டும்.

```
mogrify -path feed -auto-orient -resize 1080x1440 -quality 90 *.jpg
mogrify -path sq -auto-orient -resize 1080x1440 -gravity center -crop 1080x1080+0+0 +repage -quality 90 *.jpg
```

முதல் வரி ஃபீடுக்கும் கட்டத்துக்கும், இரண்டாவது கேட்டலாக்குக்கு. லேப்டாப் இல்லையென்றால் கேலரியிலேயே 3:4, 1:1 என்று வெட்டிக்கொள்ளலாம், நேரம்தான் கூடும். படத்தைக் கைபேசிக்குத் திரும்ப அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பாதீர்கள், மறுபடியும் சுருக்கப்படும். டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே போகும்.

போடுவதற்கு முன் ஒரு சோதனை. ஒன்பது படங்களைக் கேலரியில் மூன்று மூன்றாகத் தெரியும்படி சுருக்கி, கையை நீட்டிப் பிடித்துப் பார்க்கிறேன். அந்தத் தூரத்தில் எது பெட்டி, எது விசிறி, எது கொட்டான் என்று தெரிய வேண்டும். இதில் ஒரு விஷயம் பிடிபட்டது: பெரிய பெட்டிகளின் நெருக்கமான பின்னல், சின்னக் கட்டத்தில் நெளிநெளியாக அலை அடித்தது. நேரில் அப்படி ஒரு அலையே கிடையாது. இழைகள் திரையின் புள்ளிகளுக்கு ஏறக்குறைய அதே அளவுக்கு வந்துவிடுவதால் வருகிற கோளாறு அது. பெட்டியை இருபது டிகிரி போலத் திருப்பி வைத்ததும் பெரும்பாலும் அடங்கியது. கூர்மையைக் கூட்டுகிற ஃபில்டர் ஏதாவது போட்டால் திரும்ப வந்துவிடும், ஓலைக்கு அதைத் தொடவே வேண்டாம்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டாண்ட் 450 ரூபாய், ஐவரி போர்டு இரண்டு 70, தெர்மாக்கோல் 40, மாஸ்கிங் டேப் 30. மொத்தம் 590. வேட்டிக்குக் கஞ்சி போட்ட நேரத்தையும் ஆறு படங்களைத் திரும்ப எடுத்ததையும் கணக்கில் சேர்க்கவில்லை.

அடுத்த தடவை மாற்றப்போவது இரண்டு. டேப் கோடு வீடு துடைக்கும்போது உரிந்துவிடுகிறது, அதனால் ஒரு நீளமான பலகையில் மூன்று கோட்டையும் பெயின்ட்டால் போட்டு, பொருள் வைக்கும் இடத்துக்கும் அதிலேயே ஒரு புள்ளி குத்திவிடப்போகிறேன். இன்னொன்று, படம் எடுக்கும் முன்பே ஒவ்வொரு பொருளையும் அளந்து வகைச் சீட்டு ஒட்டிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பதினோரு சென்டிமீட்டர் பெட்டி ஒன்று எந்த வகையிலும் சேராமல் கையிலேயே இருந்தது, கடைசியில் சின்னதோடு சேர்த்தேன்.

சுளகு இன்னும் முடியவில்லை. நாற்பத்தைந்து சென்டிமீட்டர் அகலம், 864-க்குள் வர வேண்டுமானால் ஒரு மீட்டர் தள்ளிப் போக வேண்டும், அந்தத் தூரத்தில் என் 63 சென்டிமீட்டர் அட்டை போதாது. நிற்கவைக்காமல் தரையில் அட்டைமேல் படுக்கவைத்து, நாற்காலிமேல் ஏறி நேர் மேலிருந்து எடுத்தால் பின்னணி விரிகிற பிரச்சினை இருக்காது என்று தோன்றுகிறது. ஆனால் அட்டை ஓரத்துக்கும் சுளகுக்கும் நடுவே பக்கத்துக்கு ஒன்பது சென்டிமீட்டர்தான் மிஞ்சும், நான் விடுகிற காற்றுக்கு ஐந்தரை போக, மூன்றரை சென்டிமீட்டர்தான் மிச்சம். வர்ற ஞாயிறு சித்தி இரண்டு சுளகு கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.